மாதத்தின் நடுவே வரும் வலியும் கறையும்

மாதவிலக்கு முடிந்து ஒரு வாரம், பத்து நாள் ஆகியிருக்கும். அடிவயிற்றின் ஒரு பக்கத்தில், இடுப்பெலும்புக்குச் சற்று உள்ளே, சுருக்கென்று ஒரு வலி வரும். விரலை வைத்து ‘இந்த இடம்’ என்று காட்டிவிடலாம். சிலருக்கு அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். சிலருக்கு ஒரு நாள் முழுக்க மந்தமாக இருந்துகொண்டே இருக்கும். வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடிப்பவர்கள் உண்டு. உடம்புச் சூடு என்று வெந்தயம் விழுங்குபவர்கள் உண்டு. வலது பக்கமாக இருந்தால் குடல்வாலோ என்ற பயத்தில் ஸ்கேன் சென்டர் வரை போய்வருபவர்களும் உண்டு. அடுத்த மாதமும் ஏறக்குறைய அதே நேரத்தில் அந்த வலி திரும்ப வரும்போதுதான், இதற்கும் மாதவிலக்குக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று தோன்றத் தொடங்கும்.

தொடர்பு இருக்கத்தான் செய்கிறது. சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளிவரும் நாளையொட்டி வரும் வலி இது. மருத்துவ நூல்கள் இதை மிட்டெல்ஷ்மெர்ஸ் என்ற ஜெர்மன் பெயரில் குறிப்பிடுகின்றன. குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் ஐந்தில் ஒருவருக்காவது எப்போதாவது வருகிறது. ஐந்தில் இருவருக்கு என்று சொல்லும் கணக்குகளும் உண்டு. பெரும்பாலும் தீங்கில்லாதது.

அதே நாட்களில் உள்ளாடையில் தெரியும் கறையின் கதை வேறு. கருமுட்டை வெளிவரும்போது சிறு கறை படுவது உண்மையிலேயே நடக்கக்கூடியதுதான் என்றாலும், வலியோடு ஒப்பிட்டால் அது மிகச் சிலருக்கே நடக்கிறது. ஆனால் நம் வீடுகளில் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். “நடுவுல கொஞ்சம் படத்தான் செய்யும், எனக்கும் பட்டுச்சு” என்று அக்காவோ அத்தையோ சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. வலியைப் பற்றி அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை, கறையைப் பற்றி இவ்வளவு அலட்சியமாக இருக்கவும் கூடாது என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

உள்ளே நடப்பது

ஒவ்வொரு சுழற்சியிலும் சினைப்பைக்குள் சில முட்டைப் பைகள் வளரத் தொடங்கும். அவற்றில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு, நாளொன்றுக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வீதம் பெருக்கும். குழந்தைக்காகச் சிகிச்சை எடுப்பவர்கள் ஃபாலிக்குலர் ஸ்டடி என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஸ்கேனுக்குப் போவது இந்தப் பையை அளப்பதற்குத்தான். 18 முதல் 25 மில்லிமீட்டருக்குள் எங்கோ ஓர் அளவில், அதாவது ஓர் அரைநெல்லிக்காய் அளவு வந்ததும், அது உடைந்து முட்டையை வெளியே விடும். ‘முட்டை வெடிச்சிருச்சு’ என்று ஸ்கேன் அறையில் சொல்வது இதைத்தான். அதற்கு ஒன்றரை நாள் முன்பாக மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.ஹெச். என்ற ஹார்மோனைத் திடீரென்று அதிகமாகச் சுரக்கிறது. உடைவதற்கான உத்தரவு அது.

20 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பைக்குள் இருக்கும் திரவம் சுமார் 4 மில்லி. ஒரு டீஸ்பூன்கூட வராது. பை உடையும்போது அந்தத் திரவமும், கிழிந்த இடத்திலிருந்து கசியும் கொஞ்சம் ரத்தமும் வயிற்றறைக்குள் இறங்கும். வயிற்றறையின் உட்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கு ரத்தம் ஆகாது. துளி பட்டாலும் உறுத்தும். மந்தமாக ஒரு நாள் வரை நீடிக்கும் வலிக்கு இந்த உறுத்தல் ஒரு காரணம்.

ஆனால் பலருக்கு வலி அதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. வலி வந்த நேரத்தில் ஸ்கேன் செய்து பார்த்தால் பை இன்னும் உடையாமல் இருப்பது உண்டு. பை பெருக்கும்போது சினைப்பையின் மேலுறை இழுபடுவதும், எல்.ஹெச். உயர்ந்ததும் அங்குள்ள மெல்லிய தசைநார்கள் சுருங்குவதும் அந்த முன்வலிக்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. ஆகவே வலி வந்த நிமிடமே முட்டை வெளிவந்த நிமிடம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. குழந்தைக்குக் காத்திருப்பவர்களுக்கு இதனால் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஆணின் விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். முட்டையோ வெளிவந்தபின் ஒரு நாள்தான் தாங்கும். கருத்தரிக்க ஏற்ற நாட்களில் பெரும்பகுதி முட்டை வெளிவருவதற்கு முந்தைய நாட்களே. வலி வரட்டும் என்று காத்திருப்பவர்கள் அந்த நாட்களைத் தவறவிட்டுவிடுகிறார்கள். குழந்தை வேண்டாம் என்று வலியை வைத்து நாள் கணக்குப் பார்ப்பவர்களுக்கும் இதே காரணத்தால்தான் கணக்குத் தப்புகிறது.

வலி ஒரு மாதம் இடது, மறுமாதம் வலது என்று மாறிமாறி வர வேண்டும் என்று நினைப்பதும் சரியில்லை. சினைப்பைகள் முறை வைத்துக்கொண்டு வேலை செய்வதில்லை. இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து ஒரே பக்கம் வலித்தால் அதை வைத்து மட்டும் ஒரு முடிவுக்கும் வர வேண்டாம்.

பின்னாலிருந்து எண்ணுங்கள்

பதினான்காம் நாள் முட்டை வெளிவரும் என்பது பள்ளிப் புத்தகத்திலேயே பதிந்துவிட்ட கணக்கு. 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கே ஏறக்குறையத்தான் அது பொருந்தும். ஜப்பானின் நீகாடா நகரில் மகப்பேறு மருத்துவராக இருந்த கியூசாகு ஓகினோ, 1924-ல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டார். கடந்த மாதவிலக்கிலிருந்து முன்னோக்கி எண்ணினால் நாள் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அடுத்து வரப்போகும் மாதவிலக்கிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 12 முதல் 16 நாளுக்குள் அமைந்துவிடுகிறது என்றார். அந்த அடிப்படை இன்றும் நிற்கிறது. சுழற்சி நீளமாக இருப்பதும் குறுகியிருப்பதும் பெரும்பாலும் முன்பாதியில்தான். முட்டை வெளிவந்தபிறகு மாதவிலக்கு வரும்வரை உள்ள பின்பாதி பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரத்தை ஒட்டியே இருக்கும்.

இதை ஓர் உதாரணத்தில் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். 29 வயதுப் பெண் ஒருவர் தன் நாட்களைக் காலண்டரில் குறித்து வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதவிலக்குத் தொடங்கிய நாட்கள் ஜனவரி 3, பிப்ரவரி 5, மார்ச் 9, ஏப்ரல் 11. சுழற்சி 32, 33 நாள். இது முற்றிலும் இயல்பானது. 24 முதல் 38 நாள் வரை எதுவானாலும் இயல்பு என்றே மகளிர் மருத்துவத்தில் வைத்திருக்கிறார்கள். ஜனவரி 21 அன்று அவருக்கு வலது அடிவயிற்றில் வலி. முன்னோக்கி எண்ணுகிறார், பத்தொன்பதாம் நாள். பதினான்கு தாண்டி ஐந்து நாள் ஆகிவிட்டதே, அப்படியானால் இது முட்டை வலி இல்லை, வேறு ஏதோ என்று கவலைப்படுகிறார். பிப்ரவரி 23 அன்று மறுபடி வலி, இந்த முறை இடது. மார்ச் 27 அன்று திரும்ப வலது. மூன்று முறையும் அரை நாளில் அடங்கிவிட்டது. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, வேலைக்கும் போனார்.

இப்போது பின்னாலிருந்து எண்ணலாம். ஜனவரி 21-லிருந்து பிப்ரவரி 5 வரை 15 நாள். பிப்ரவரி 23-லிருந்து மார்ச் 9 வரை 14 நாள். மார்ச் 27-லிருந்து ஏப்ரல் 11 வரை 15 நாள். மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இதற்கு ஸ்கேன்கூடத் தேவையில்லை. அந்த வலி முட்டை வெளிவருவதையொட்டிய வலிதான் என்று காலண்டரே சொல்லிவிடுகிறது. அந்த நாட்களில் முட்டையின் வெள்ளைக்கருபோல வழவழப்பாக, விரலிடையில் இழுத்தால் நீளும் வெள்ளைப்படுதல் இருந்தால் சந்தேகம் இன்னும் தீரும்.

அதே பெண்ணுக்கு ஏப்ரல் 20 அன்று உள்ளாடையில் இளஞ்சிவப்பாக ஒரு கறை. மே 6 அன்று மறுபடியும். மே 14-ல் மாதவிலக்கு வந்தது. மே 14-லிருந்து பின்னோக்கி எண்ணினால் முட்டை வெளிவரும் நாள் ஏப்ரல் 29-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஒரு கறை அதற்கு ஒன்பது நாள் முன்பு, இன்னொன்று ஒரு வாரம் பின்பு. இரண்டும் கணக்கில் சேரவில்லை. கேட்டுப் பார்த்தால், இரண்டு முறையும் கறை பட்டதற்கு முந்தைய இரவு தம்பதியர் சேர்ந்திருந்தார்கள். இப்படிப்பட்ட கதையோடு வருபவரைப் பரிசோதனைக் கட்டிலில் படுக்கவைத்து, ஸ்பெகுலம் வைத்துக் கருப்பை வாயைப் பார்த்தால், அங்கே பட்டாணி அளவில் சிவந்த பாலிப் ஒன்று தொங்கிக்கொண்டிருப்பதைப் பல நேரம் கண்ணாலேயே பார்த்துவிடலாம். பெரும்பாலும் புறநோயாளிப் பிரிவிலேயே எடுத்துவிட்டு, எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரே காலண்டரில் வலி நல்லது என்றும் கறை கவனிக்க வேண்டியது என்றும் தெரிந்துவிட்டது பாருங்கள். “கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்கம்மா?” என்று டாக்டர் கேட்கும்போது சொல்வதற்கு நான்கு மாதத் தேதிகள் கையில் இருப்பது, கைநிறைய ரிப்போர்ட்டுகளோடு போவதைவிடப் பயன் தரும்.

கறை எப்போது இயல்பு

முட்டை முதிரும் நாட்களில் ஈஸ்ட்ரோஜன் ஏறிக்கொண்டே போய் உச்சம் தொடும். எல்.ஹெச். உயர்ந்ததும் அது சட்டென்று இறங்கும். புரோஜெஸ்டிரான் இன்னும் போதிய அளவு வந்திருக்காது. இடைப்பட்ட ஓரிரு நாளில் கருப்பையின் உட்புறத் திசுவுக்குத் தாங்குதல் கொஞ்சம் குறைவதால் சிலருக்குத் திட்டாகக் கசிகிறது. கசியும் அளவு சில துளிகள்தான். இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ, வழவழப்பான வெள்ளையோடு கலந்து ஒன்று அல்லது இரண்டு நாள் இருக்கும். நாப்கின் வைக்கத் தேவையிருக்காது. மூன்றாம் நாளும் தொடர்ந்தாலோ, நாப்கின் வைக்கும் அளவுக்கு வந்தாலோ, கட்டியாக வந்தாலோ அதை முட்டைக் கணக்கில் எழுதக் கூடாது.

தமிழ்நாட்டுப் பெண்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி, இங்கே பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அந்தத் தையல் ஆறும்போது சிலருக்குக் கருப்பைச் சுவரின் உட்பக்கத்தில் ஒரு சிறு குழி விழுந்துவிடுகிறது. மாதவிலக்கு ரத்தம் கொஞ்சம் அந்தக் குழியில் தேங்கி, பிறகு மெல்ல மெல்ல வடியும். ஐந்து நாளில் முடிய வேண்டிய தீட்டு முடிந்ததுபோல் இருந்து, அதன்பின் பழுப்பாக ஒரு வாரம் வரை இழுத்துக்கொண்டே போகும். சுழற்சியின் நடுநாட்களைத் தொட்டுவிடுவதால் இதையும் முட்டை வெளிவரும் கறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். வித்தியாசம் தெளிவானது. முட்டைக் கறை, இடையில் பல நாள் சுத்தமாக இருந்து புதிதாகத் தொடங்கும். தழும்புக் கறை மாதவிலக்கின் வாலாகவே நீளும். சிசேரியனுக்கு முன்பு இப்படி இருந்ததில்லை என்றால், அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் உள்வழி ஸ்கேனில் அந்தத் தழும்பைக் குறிவைத்துப் பார்ப்பார்கள்.

மாத்திரைகள் செய்வதும் உண்டு. கருத்தடை மாத்திரை தொடங்கிய முதல் மூன்று மாதங்களிலும், இடையில் ஒரு நாள் மறந்துவிட்டாலும் கறை படும். ஒழுங்காக மாத்திரை எடுப்பவர்களுக்கு முட்டையே வெளிவராது என்பதால், அவர்களுக்கு வரும் கறையோ வலியோ முட்டையால் வந்தது அல்ல. அவசர கருத்தடை மாத்திரை போட்ட சில நாளில் கறை பட்டு, அந்த மாதத் தேதியும் முன்னே பின்னே போகலாம். காப்பர்-டி வைத்த முதல் சில மாதங்களில் இடைக்கறை சகஜம். பூப்பெய்தி ஓரிரு ஆண்டே ஆன பெண்ணுக்குப் பல சுழற்சிகளில் முட்டை வெளிவருவதே இல்லை; அந்த வயதில் நாள் தவறிப் படுவதற்குக் காரணம் அதுவே.

கூடலுக்குப் பிறகு படும் கறை மட்டும் எந்த வயதிலும், எந்த நாளிலும் இயல்பு என்று விட்டுவிடக் கூடாதது. பாலிப், கருப்பை வாய்ப் புண், கிளமிடியா போன்ற தொற்று என்று காரணம் பெரும்பாலும் எளிதில் குணமாகக்கூடியதாகவே இருக்கும். ஆனால் கருப்பை வாய்ப் புற்றுநோய் முதன்முதலில் தலைகாட்டுவதும் இந்த வடிவில்தான். 30 வயது கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவிப் பார்க்கும் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. சில நிமிடத்தில் முடிந்துவிடும். 45 வயதை நெருங்கியவருக்குப் புதிதாக இடைக்கறை தொடங்கினால் கருப்பையின் உட்திசுவை எடுத்தும் பார்க்க வேண்டியிருக்கும். மாதவிலக்கு நின்று ஓராண்டு கழித்து ஒரு துளி பட்டாலும் தாமதிக்கக் கூடாது.

வலி எப்போது முட்டை வலி அல்ல

முட்டை வலிக்கு ஒரு குணம் உண்டு. தொடங்கிய சில மணி நேரத்தில் அது இறங்கத் தொடங்கும். இரண்டு நாளைத் தாண்டாது. மணிக்கு மணி ஏறிக்கொண்டே போகும் வலி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல.

குடல்வால் அழற்சியில் வலி தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கும். சாப்பாட்டைக் கண்டாலே பிடிக்காது. இருமினாலோ, வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறினாலோ சுள்ளென்று குத்தும். முட்டை வலி தொடங்கும்போதே தன் இடத்தில்தான் தொடங்கும்.

சினைப்பை முறுக்கிக்கொள்வது இன்னும் அவசரமானது. 5 சென்டிமீட்டருக்கு மேல் நீர்க்கட்டி இருப்பவர்களுக்கும், குழந்தைக்காக முட்டை வளர ஊசி போட்டுச் சினைப்பை பெருத்திருப்பவர்களுக்கும் இது நேரக்கூடும். சினைப்பை தன் காம்பிலேயே திருகிக்கொண்டு ரத்த ஓட்டம் தடைபடும். நின்றவர் அப்படியே உட்கார்ந்துவிடும் அளவுக்குத் திடீர் வலி, கூடவே வாந்தி. சில நேரம் முறுக்கு கொஞ்சம் தளர்ந்து வலி குறையும், மறுபடி ஏறும். குறைந்த நேரத்தை நம்பி வீட்டிலேயே இருந்துவிடுவதால் சினைப்பையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் தெரிகிறது என்பதாலும் முறுக்கு இல்லை என்று உறுதி சொல்ல முடியாது. வலியும் வாந்தியும் அந்தக் கதையைச் சொன்னால் லேப்ராஸ்கோப்பியில் உள்ளே பார்ப்பதே நல்லது. சில மணி நேரத்துக்குள் திருகைப் பிரித்துவிட்டால் சினைப்பை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

அதிகம் ஏமாற்றுவது கருக்குழாயில் தங்கிய கர்ப்பம். ஒரு பக்க வலி, கொஞ்சம் கறை என்று முட்டை வலியின் வேடத்திலேயே வரும். போன முறை தீட்டு வழக்கத்தைவிடக் குறைவாகவோ, தேதி தவறியோ வந்திருந்தால் அது தீட்டாகவே இருந்திருக்காமல் போகலாம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் தங்களுக்குக் கர்ப்பமே வராது என்று இதை நினைத்துப் பார்ப்பதில்லை. அந்த ஆபரேஷன் தவறுவது அபூர்வம். தவறிக் கரு உண்டானால், அது குழாயில் தங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். ஆகவே ஒரு பக்க வலியும் கறையும் சேர்ந்து வந்தால், எந்த வயதாக இருந்தாலும், ஆபரேஷன் செய்திருந்தாலும், மருந்துக் கடையில் கிடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனைக் கிட் ஒன்றை வாங்கிப் பார்த்துவிட வேண்டும். தலைசுற்றல், மயக்கம், தோள்பட்டையில் காரணமில்லாத வலி என்று ஏதாவது சேர்ந்தால் வீட்டில் பரிசோதித்துக்கொண்டிருக்க நேரமில்லை. வயிற்றுக்குள் ரத்தம் இறங்குவதன் அடையாளங்கள் அவை. 108-ஐ அழைக்க வேண்டும்.

இன்னொரு கூட்டத்தாரும் இருக்கிறார்கள். ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டு, செயற்கை வால்வு பொருத்தி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரை சாப்பிட்டு வரும் இளம்பெண்கள். மற்றவர்களுக்குச் சில துளியோடு நின்றுவிடும் கசிவு இவர்களுக்கு நிற்காமல் லிட்டர் கணக்கில் வயிற்றுக்குள் சேர்ந்துவிடக் கூடும். சாதாரண முட்டை வலி என்று இவர்கள் எந்த மாதமும் காத்திருக்கக் கூடாது. இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து பேசி முட்டை வெளிவருவதையே தடுக்கும் சிகிச்சை தரவேண்டி வருவதும் உண்டு.

அவசரமில்லாமல் மெல்ல வளரும் வகையும் உண்டு. மாதத்துக்கு மாதம் வலி கூடிக்கொண்டே போவது, மாதவிலக்கின்போதும் கடுமையாக வலிப்பது, கூடலின்போதோ மலம் கழிக்கும்போதோ ஆழத்தில் வலிப்பது ஆகியவை சேர்ந்தால் எண்டோமெட்ரியோசிஸை நினைக்க வேண்டும். சாதாரண ஸ்கேனில் அது தெரியாமலே போகலாம் என்பதால், ‘ரிப்போர்ட் நார்மல்’ என்று சொல்லி அனுப்பப்பட்டாலும் வலி தொடரும்வரை விடக் கூடாது. இரண்டு பக்கமும் வலி, காய்ச்சல், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் என்றால் அது தொற்று. ஆன்டிபயாடிக் தாமதமானால் கருக்குழாய் அடைபடும்.

மருந்தும் ரிப்போர்ட்டும்

முட்டை வலிதான் என்று தெரிந்துவிட்டால் சுடுதண்ணீர் பையும், தேவைப்பட்டால் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒன்றும் போதும். இங்கே ஒரு விஷயத்தைக் குழந்தைக்குக் காத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முட்டைப் பை உடைவதற்கு புரோஸ்டகிளாண்டின் என்ற ரசாயனம் வேண்டும். டைக்ளோஃபெனாக், இண்டோமெத்தசின் போன்ற வலி மாத்திரைகள் தடுப்பது அந்த ரசாயனத்தையே. அந்த நாட்களில் இவற்றைத் தொடர்ந்து போட்டால் பை முதிர்ந்தும் உடையாமல் நின்றுவிடக்கூடும். மாத்திரையை நிறுத்தினால் இது சரியாகிவிடும். ஆனால் மூட்டு வலிக்கோ முதுகு வலிக்கோ தினம் வலி மாத்திரை போட்டுக்கொண்டு, முட்டை வெடிக்கவில்லை என்று சிகிச்சைக்கு அலைபவர்கள் அதை டாக்டரிடம் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். வலி மாதாமாதம் வேலையைக் கெடுக்கும் அளவுக்கு இருந்து, இப்போது குழந்தை வேண்டாம் என்றும் இருந்தால், கருத்தடை மாத்திரை முட்டை வெளிவருவதை நிறுத்தி வலியையும் நிறுத்திவிடும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் அப்படியல்ல. குழாயைக் கட்டினாலும் முட்டை மாதந்தோறும் வெளிவந்துகொண்டுதான் இருக்கும், வலியும் வரும்.

வலி வந்த நாளிலேயே ஸ்கேன் எடுத்தவர்கள் கையில் இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று, 22 மில்லிமீட்டரில் முதிர்ந்த முட்டைப் பை. இதை நீர்க்கட்டி என்று படித்துக்கொண்டு பி.சி.ஓ.டி. வந்துவிட்டதாகக் கலங்குகிறார்கள். அந்த மாதம் முட்டை சரியாக வளர்கிறது என்பதற்கு அதுதான் சான்று. மற்றொன்று, கருப்பைக்குப் பின்னால் சிறிதளவு திரவம். பை உடைந்து இறங்கிய அந்த ஒரு டீஸ்பூன்தான் அது, சில நாளில் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். முட்டை வெளிவந்த பிறகு அந்த இடத்தில் 3 சென்டிமீட்டர் வரை ஒரு பை தெரிவதும் இயல்பே. அதைவிடப் பெரிதாக, உள்ளே ரத்தம் கோத்ததுபோல் தெரிந்தால் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். அந்த இரண்டாவது ஸ்கேனை மாதவிலக்கு முடிந்த கையோடு, ஐந்திலிருந்து பத்தாம் நாளுக்குள் எடுத்துக்கொள்வது நல்லது. போன மாதத்துப் பை அதற்குள் சுருங்கியிருக்கும், இந்த மாதத்துப் பை இன்னும் வளர்ந்திருக்காது. கருப்பையின் உட்திசுவும் மெல்லியதாக இருக்கும் என்பதால் உள்ளே பாலிப் இருந்தால் அதுவும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.